மதிப்பீடு 2 என்று வந்தால்: மறுபரிசீலனை கேட்டுப் பதில் எழுதும் முறை

மண்டபம் பக்கம் ஒரு இறால் கொள்முதல் மையத்தில் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒருமுறை எனக்கு 5-க்கு 2 என்று ஆண்டு மதிப்பீடு வந்தது. அன்று இரவே உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். மேலாளருக்கு மையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதில் தொடங்கி, நான் எத்தனை நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன் என்பதில் முடித்தேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மதிப்பீடு மாறவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும், தெரிந்தவர்களுக்கும் இப்படிப்பட்ட பதில்கள் எழுத உதவியிருக்கிறேன். தடுமாறும் இடம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. கீழே உள்ளது இரண்டு வருடத்துக்கு முன், இறால் கொள்முதல் மையம் ஒன்றில் இருந்த ஒரு தம்பிக்காகச் செய்த வேலை. கம்பெனி பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். கணக்கு மட்டும் போதும்.

அவர் படிவத்தில் மூன்று தலைப்பு இருந்தது. கொள்முதல் அளவுக்கு 60 சதவீத எடை, பதிவேடுகளுக்கு 20, ஒத்துழைப்புக்கு 20. மூன்றிலும் 2 போட்டு, மொத்தமும் 2 என்று முடித்திருந்தார்கள்.

1. கையெழுத்துப் போடும்போதே ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பீட்டுக் கூட்டம் முடிந்ததும் படிவத்தைத் தள்ளி, "இங்கே ஒரு சைன் போடுங்க" என்பார்கள். பெரும்பாலானவர்கள் போட்டுவிடுவார்கள், அல்லது கோபத்தில் போட மறுப்பார்கள். இரண்டுமே சிக்கல்தான். வெறும் கையெழுத்தை ஒப்புதல் என்று பிறகு காட்டலாம். மறுத்தால், மதிப்பீடு உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதற்கே சான்று இல்லாமல் போகும். கெடு நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அதனால் கையெழுத்துக்கு மேலே கையால் இப்படி எழுதுங்கள்: "மதிப்பீட்டைப் பெற்றுக்கொண்டேன். உடன்பாடில்லை. எழுத்துப்பூர்வமான பதில் தருவேன்." கீழே தேதி. படிவத்தின் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

கணினியில் செய்யும் கம்பெனி என்றால் பொத்தானின் வாசகத்தைப் படித்துவிட்டு அழுத்துங்கள். `Acknowledge` என்றால் பார்த்தேன் என்று பொருள். `Agree` என்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருள். இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது என்றால் அழுத்தாமல், அன்றைக்கே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மேலே சொன்ன மூன்று வரிகளை எழுதிவிடுங்கள்.

2. கெடு எத்தனை நாள், படிக்கப்போவது யார்

எழுதத் தொடங்கும் முன் இந்த இரண்டுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். தனியார் கம்பெனியில் இது பணி விதிகளிலோ மதிப்பீட்டுக் கொள்கைத் தாளிலோ இருக்கும். தம்பியின் கம்பெனியில் பத்து வேலை நாள். விதி என்று ஒன்று எழுதியே வைக்கவில்லை என்றால், நீங்களாக ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. சம்பள உயர்வுப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போன பிறகு வரும் பதிலை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தத் தேடல் தேவையில்லை. 2009 மே 14 தேதியிட்ட உத்தரவின்படி ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை முழுவதுமாக ஊழியருக்குக் காட்ட வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையீடு தரலாம். அது வந்து சேர்ந்த 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம், 2008-இல், தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கெட்ட குறிப்பை மட்டும் அல்ல, எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. தனியாரில் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட இப்படிப் பொதுவான சட்ட உரிமை கிடையாது. கம்பெனி தானே எழுதிவைத்த விதிதான் உங்கள் கையில் இருக்கும் பிடி. அதனால் அந்தத் தாளைத் தேடி எடுப்பதற்கு ஒரு நாள் செலவானாலும் தவறில்லை.

அடுத்தது, படிப்பவர் யார் என்பது. மதிப்பெண் போட்டவருக்கு மேலே இன்னொருவர், துறைத் தலைவரோ மண்டல மேலாளரோ, அதைப் பார்த்துக் கையெழுத்திடுவார். உங்கள் பதில் அவருக்காக எழுதப்படுவது. அவர் மையத்தை வருடத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்திருப்பார். வண்டி, பெட்டி, படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் எதுவும் அவருக்கு அன்றாட விஷயம் கிடையாது. இதை நினைவில் வைத்தால் கடிதத்தில் எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்பது தானாகப் பிடிபடும்.

3. காகிதங்களைச் சேர்ப்பது

முதல் வரி எழுதுவதற்கு முன் சான்றுகள் மேசையில் இருக்க வேண்டும். எழுதிவிட்டுத் தேடினால், எழுதியதற்கு ஏற்றபடி தேடுவோம். எதிராக இருக்கும் காகிதம் கண்ணில் படாது.

தம்பியிடம் கேட்டது நான்குதான். வருடத் தொடக்கத்தில் கொடுத்த இலக்குக் கடிதம். இந்த வருடக் கொள்முதல் பதிவேடு. போன வருடப் பதிவேடு. வருடத்தின் நடுவில் வேலை நிலைமையை மாற்றிய உத்தரவுகள், அதாவது வண்டி மாற்றம், ஆள் மாற்றம், விலை வரம்பு போன்றவை பற்றி வந்த மின்னஞ்சல்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் பதிவேட்டையோ விலைப் பட்டியலையோ போனில் படம் பிடித்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். சான்று சேர்க்கிறோம் என்று நினைத்துச் செய்வார்கள். கடைசியில் ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனார் என்ற தனிக் குற்றச்சாட்டு வந்து நிற்கும். பதிவேட்டின் பெயர், பக்கம், தேதி, எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். கடிதத்தில் "கொள்முதல் பதிவேடு, நவம்பர் 3 முதல் டிசம்பர் 19 வரையிலான பக்கங்கள்" என்று சுட்டினால் அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அது அவர்கள் வீட்டுச் சாமான்தானே.

4. எந்த வரியை எதிர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

தம்பி முதலில் மூன்று தலைப்பையும் ஒரே வேகத்தில் எதிர்த்து எழுதி வந்திருந்தார். நான் ஒரு தாளில் எடைகளைப் போட்டுக் காட்டினேன். பதிவேடு, ஒத்துழைப்பு இரண்டும் 2 ஆகவே இருக்கட்டும். கொள்முதல் மட்டும் 3 ஆனால் மொத்தம் 2.6 வரும். கம்பெனி விதிப்படி 2.5-க்கு மேல் போனால் 3. ஆக, ஒரு தலைப்பு மாறினாலே மொத்த மதிப்பீடு மாறிவிடும்.

"அப்ப மத்த ரெண்டையும் விட்ரலாமாண்ணே?"

விடச் சொல்லவில்லை. பலத்தை எங்கே போடுவது என்றுதான் சொன்னேன். பலமான ஒரு வாதத்தோடு பலவீனமான இரண்டைச் சேர்த்தால், பதில் எழுதுபவர் பலவீனமான இரண்டுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு முடித்துவிடுவார். என் ஆறு பக்கத்துக்கு நடந்தது அதுதான்.

உங்கள் படிவத்தில் எடை இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் ஒவ்வொரு குறையையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: எண்ணால் மறுக்க முடியும், உண்மைதான், எந்த நாள் எந்த நிகழ்வு என்றே சொல்லவில்லை. இந்த மூன்றுக்கும் பதில் எழுதும் விதம் வேறு வேறு.

5. கணக்கை உங்களுக்குப் பாதகமான பக்கத்திலிருந்து போடுங்கள்

இந்தப் படிதான் நேரம் எடுக்கும். ஆனால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தம்பியின் வருட இலக்கு 60 டன். வாங்கியது 50.4 டன். 84 சதவீதம். கம்பெனி அளவுகோலில் 90 தொட்டால் 3, அதற்குக் கீழே 2. எண்ணைப் பார்த்தால் மேலாளர் தவறு செய்யவில்லை.

தம்பியின் முதல் வாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்புறம் எப்படி இலக்கு எட்டும் என்பது. இதை அடித்துவிடச் சொன்னேன். தடைக்காலம் வருடா வருடம் வருவது. இலக்குக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், பத்து மாதத்துக்கு மாதம் 6 டன் என்றே கணக்கிட்டிருந்தார்கள். தடைக்காலம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதுதான். அதை மறுபடி சொன்னால், இவர் இலக்குக் கடிதத்தையே படிக்கவில்லை என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். இலக்கு வைக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்த எதுவும் காரணமாகாது. வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான்.

இலக்கு வைத்த பிறகு, கம்பெனியின் முடிவால் மாறியது என்ன? அதைத் தேடினோம். நவம்பர் 2 இரவு வந்த ஒரு மின்னஞ்சல் கிடைத்தது. மையத்தின் குளிர்காப்பு வண்டியை மறுநாள் முதல் தொண்டிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. வண்டி திரும்பி வந்தது டிசம்பர் 20. நடுவில் 47 நாள். அந்த நாட்களில் மற்ற வியாபாரிகளோடு சேர்ந்து பகிர்வு வண்டியில்தான் சரக்கு போயிருக்கிறது. அதில் இவருக்குக் கிடைத்த இடம் ஆறு பெட்டி. ஐஸ் போகப் பெட்டிக்கு ஏறக்குறைய 35 கிலோ இறால். ஒரு நாளைக்கு 210 கிலோவுக்கு மேல் வாங்கினால் வைக்க இடம் இல்லை.

இங்கேதான் தம்பி இரண்டாவது தவறு செய்தார். நாளுக்கு 200 கிலோ வீதம் 47 நாளுக்கு 9.4 டன் போயிற்று, அதைச் சேர்த்தால் 59.8 டன், கிட்டத்தட்ட முழு இலக்கு என்று எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படகு தினமும் போவதில்லை. இந்தக் கரையில் விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள் போவதுதான் வழக்கம். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது, அந்த நாளும் போகும். மேலும் அந்த 47 நாளிலும் இவர் சும்மா இருக்கவில்லை, 3.4 டன் வாங்கியிருக்கிறார். அதைக் கழிக்கவே இல்லை. மண்டல மேலாளர் கால்குலேட்டரை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் உடைந்துபோகும் கணக்கு.

சரியான கணக்குக்கு இரண்டு வருடப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, அதே 47 தேதிகளில் சரக்கு வந்த நாட்களை மட்டும் எண்ணினோம். போன வருடம் 17 நாள், 8.1 டன். நாளுக்கு 476 கிலோ. இந்த வருடம் 16 நாள், 3.4 டன். நாளுக்கு 212 கிலோ. படகு வந்த நாட்கள் ஏறக்குறைய அதேதான், வாங்கிய அளவு மட்டும் பாதிக்கும் கீழே. அந்த 212 என்ற எண் ஆறு பெட்டிக் கணக்கோடு ஒட்டிப்போவதையும் கவனியுங்கள். இரண்டு வேறு இடத்திலிருந்து வந்த எண்கள் ஒன்றையொன்று தாங்கினால், படிப்பவருக்குச் சந்தேகம் குறைந்துவிடும்.

இப்போது இழப்பு. 16 நாள், நாளுக்கு 476 கிலோ என்றால் 7.6 டன் வந்திருக்க வேண்டும். வந்தது 3.4. வித்தியாசம் 4.2 டன். 50.4-உடன் 4.2 சேர்த்தால் 54.6 டன். 60-இல் அது 91 சதவீதம்.

தம்பிக்கு ஏமாற்றம். 99 எங்கே, 91 எங்கே. ஆனால் நமக்கு வேண்டியது 90 தான். போன வருடத்தின் 17 நாளை எடுக்காமல் இந்த வருடத்தின் 16 நாளையே எடுத்தோம், அதாவது நமக்குக் குறைவாக வரும் வழியில் போட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைக் குறைக்க நினைப்பவருக்குப் பிடிக்க நுனி கிடைக்காது.

பாதகமாகப் போட்டபோது 86 வந்திருந்தால்? அப்போது மதிப்பீடு மாற வேண்டும் என்று கேட்கவே கூடாது. வண்டி இல்லாத காலத்தைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்தியிருப்பேன்.

6. உண்மையான குறையை ஒப்புக்கொள்ளுங்கள்

பதிவேடுகள் தாமதம் என்ற குறைக்கு வருவோம். அன்றன்றைய கொள்முதல் விவரத்தை இரவுக்குள் அனுப்ப வேண்டும். வருடத்தில் ஒன்பது முறை மறுநாள் போயிருக்கிறது. தம்பி "நெட் வரல" என்று எழுத நினைத்தார். ஒன்பது நாளும் நெட் வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

ஒப்புக்கொண்டோம். ஒன்பது முறை தாமதம், ஜனவரி முதல் சரக்கு ஏற்றிய உடனேயே பதிவு செய்யும் முறைக்கு மாறியாயிற்று, பிப்ரவரி மார்ச்சில் ஒன்றுகூடத் தாமதம் இல்லை. இவ்வளவுதான். இந்தத் தலைப்பில் மாற்றம் கேட்கவில்லை என்றும் எழுதினோம். தன் குறையை எண்ணோடு சொல்பவர் தன் நிறையைச் சொல்லும்போதும் எண்ணைக் கூட்டிச் சொல்லமாட்டார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது குறை ஒத்துழைப்பு போதவில்லை என்பது. எந்த நாள், யாரோடு, என்ன நடந்தது என்று படிவத்தில் ஒரு சொல் இல்லை. இதற்கு "நான் எல்லோரோடும் நன்றாகப் பழகுவேன்" என்று பதில் எழுதுவது வீண். சொல்லுக்குச் சொல், அவ்வளவுதான் மிஞ்சும். எந்த நிகழ்வின் அடிப்படையில் இந்த மதிப்பெண் என்று கேட்டு ஒரே வாக்கியம் எழுதுங்கள். நிகழ்வு இருந்தால் சொல்வார்கள், நீங்கள் பதில் தரலாம். இல்லையென்றால் அவர்கள் மௌனமே கோப்பில் இருக்கும்.

7. எழுதக் கூடாதவை

பக்கத்து மையத்து ஆளுக்கு 3 கிடைத்தது என்று எழுதாதீர்கள். அவர் பதிவேடு உங்களிடம் இல்லை. அவர் மேலாளரின் ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதும் இந்தக் கடிதத்துக்குள் வரக் கூடாது. உண்மையிலேயே பாரபட்சம் நடக்கிறது, சான்றும் இருக்கிறது என்றால் அது தனிப் புகார். இரண்டையும் கலந்தால், எண்ணைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும்.

மகள் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், சம்பள உயர்வு எதையும் எழுத வேண்டாம். மதிப்பீடு மாறினால் பணம் தானாக மாறும். வேலையை விட்டுவிடுவேன் என்பதும் வேண்டாம். சில இடங்களில் அதை மட்டும் ஏற்றுக்கொண்டு விடுவார்கள்.

8. கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வரிசை முக்கியம்: முதலில் என்ன கேட்கிறீர்கள், பிறகு ஏன், பிறகு ஒப்புக்கொள்வது, கடைசியில் எந்தத் தேதிக்குள். கேட்பதைக் கடைசியில் வைத்தால், அதுவரை படிப்பவர் இது புலம்பலா கோரிக்கையா என்று தெரியாமலே படிப்பார். மதிப்பீட்டில் உள்ள சொற்களை அப்படியே எடுத்துப் போடுங்கள், உங்கள் சொல்லில் மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கம்பெனி என்றாலும் இதே வரிசைதான்.

தம்பி கொடுத்தது இது:

> பெறுநர்: மண்டல மேலாளர், மனிதவளப் பிரிவு வழியாக
> நகல்: மதிப்பிட்ட மேலாளர்
> பொருள்: ஆண்டு மதிப்பீட்டில் "கொள்முதல் அளவு" மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யக் கோருதல்
>
> ஐயா,
>
> ஏப்ரல் 22 அன்று எனக்குத் தரப்பட்ட ஆண்டு மதிப்பீட்டில், "கொள்முதல் அளவு" என்ற தலைப்பின் கீழ் 2 வழங்கப்பட்டுள்ளது. கீழ்க்கண்ட விவரங்களின் அடிப்படையில் இதை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஆண்டு இலக்கு 60 டன். கொள்முதல் 50.4 டன். இது 84 சதவீதம் என்பது சரி.
>
> மையத்தின் குளிர்காப்பு வண்டி, நவம்பர் 2 தேதியிட்ட மின்னஞ்சல் உத்தரவுப்படி, நவம்பர் 3 முதல் டிசம்பர் 19 வரை 47 நாட்கள் தொண்டி மையத்தில் இருந்தது. இந்த நாட்களில் மற்ற வியாபாரிகளுடன் பகிர்ந்துகொண்ட வண்டியில் நாளுக்கு ஆறு பெட்டி, அதாவது சுமார் 210 கிலோ மட்டுமே அனுப்ப முடிந்தது.
>
> கொள்முதல் பதிவேட்டின்படி, இதே தேதிகளில் முந்தைய ஆண்டு சரக்கு வந்த 17 நாட்களில் 8.1 டன் வாங்கப்பட்டது. இந்த ஆண்டு 16 நாட்களில் 3.4 டன். முந்தைய ஆண்டின் நாள் சராசரியில் 16 நாட்களுக்கு 7.6 டன் வந்திருக்கும். குறைவு 4.2 டன். இதைச் சேர்த்தால் மொத்தம் 54.6 டன், இலக்கில் 91 சதவீதம். மதிப்பீட்டு விதிப்படி 90 சதவீதத்துக்கு 3 உரியது.
>
> "பதிவேடுகளில் தாமதம்" என்ற குறிப்பை ஏற்கிறேன். ஆண்டில் ஒன்பது முறை தாமதமானது. ஜனவரியில் முறையை மாற்றிய பின், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாமதம் இல்லை. இத்தலைப்பில் மாற்றம் கோரவில்லை.
>
> "ஒத்துழைப்பு போதவில்லை" என்ற குறிப்புக்கு அடிப்படையான நிகழ்வையும் தேதியையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> மறுபரிசீலனையை மதிப்பிட்டவர் அல்லாத ஒரு அலுவலர் செய்யவும், பதிவேடுகளுடன் நேரில் விளக்க அரை மணி நேரம் தரவும், முடிவை மே 20-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். இக்கடிதத்தை என் மதிப்பீட்டுக் கோப்பில் இணைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் மேலாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டியை எடுத்தது சரியா தவறா என்றும் பேசவில்லை. தொண்டிக்கு அன்று வண்டி தேவைப்பட்டிருக்கலாம். அந்த முடிவுக்கு உங்கள் மதிப்பெண் விலையாகக் கூடாது என்பது மட்டும்தான் வாதம்.

மதிப்பிட்டவர் அல்லாத ஒருவர் என்ற கோரிக்கையைப் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கடிதம் சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் போகும். அவரே போட்ட எண்ணை அவரே மாற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்? அதே சமயம் அவருக்கு நகல் அனுப்பாமல் மேலே போகாதீர்கள். வேறு யார் மூலமாகவோ அவருக்குத் தெரிய வந்தால், அடுத்த வருட மதிப்பீடும் அவர் கையில்தான்.

9. கொடுப்பதும் அதற்குப் பிறகும்

எழுதிய அன்றே கொடுக்க வேண்டாம். ஒரு இரவு வைத்து, மையத்தைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். தம்பி தன் அக்காவிடம் கொடுத்தார். அவர் பள்ளி ஆசிரியை. "பகிர்வு வண்டின்னா என்னடா?" என்று கேட்டாராம். அந்த வரி அப்படித்தான் தெளிவானது.

அலுவலக மின்னஞ்சலில் அனுப்புங்கள். தாளில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றவரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நேரில் பேசிய ஒவ்வொரு முறையும், அன்று மாலையே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சில் தந்த உறுதிமொழி ஆள் மாறினால் காணாமல் போகும்.

கேட்ட தேதி தாண்டி மூன்று நாள் கழித்து, ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் கம்பெனியில் குறைதீர்க்கும் குழு இருக்கிறதா என்று பாருங்கள். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் மேற்பார்வைப் பணியில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குபவர் சட்டப்படி தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். அவருக்குக் கம்பெனி விதியில் உள்ள அடுத்த படிதான் வழி.

தம்பியை மே 16 அன்று கூப்பிட்டார்கள். மண்டல மேலாளர் கேட்டது ஒரே கேள்வி: பகிர்வு வண்டியில் இடம் போதாதபோது இன்னொரு வண்டி வாடகைக்குப் பிடிக்க ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தார், நவம்பர் 9 அன்று, போனில். எழுத்தில் இல்லை. வாட்ஸ்அப்பில் "சார், இன்னைக்கும் ஆறு பெட்டிதான் ஏத்த முடிஞ்சுது" என்று நவம்பர் 12 அன்று அனுப்பிய ஒரு செய்தி இருந்தது. அதைக் காட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. கொள்முதல் 3 ஆனது, மொத்தமும் 3 ஆனது. ஒத்துழைப்புக்கு எந்த நிகழ்வும் சொல்லவில்லை, 2-ஐயும் மாற்றவில்லை.

இப்போது அவர் மையத்தில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. வண்டி வராத நாள், ஐஸ் வராத நாள், டோக்கன் கொடுக்காத நாள் என்று அன்றன்றைக்கு ஒரு வரி, எழுதிய வரியை இரவு மேலாளருக்கும் ஒரு செய்தியாக அனுப்பிவிடுகிறார்.